குடும்ப மரச் செயலியில் எதை யார் பார்க்கிறார்கள்: தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

குடும்ப மரச் செயலியின் திரையில் கிளை கிளையாக விரியும் படம், உள்ளே இருக்கும் ஒரு பதிவேட்டிலிருந்து அந்தந்த நேரத்தில் வரையப்படுவதாகும். அந்தப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு உண்டு. கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரை ஒன்றாகக் கட்டி வைக்கும் குடும்பப் பதிவு தனியாக உண்டு. பிறப்பு, திருமணம், குடியிருப்பு, இறப்பு போன்ற நிகழ்வுகள், தேதியும் ஊரும் ஆதாரமும் சேர்ந்து, இவற்றோடு இணைந்திருக்கும். நோட்டுப் புத்தகத்தில் எழுதிய வம்சாவளியைப் பார்ப்பவர் அதை முழுவதுமாகப் பார்க்கிறார். செயலியிலோ, பதிவுகள் தனித்தனியாக இருப்பதால், ஒரே மரத்தை அத்தைக்கு ஒரு விதமாகவும் அயலாருக்கு வேறு விதமாகவும் காட்ட முடிகிறது. இந்த வசதி எப்படி இயங்குகிறது, எங்கே தவறுகிறது என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்து இங்கே பார்க்கலாம்.

எடுத்துக்காட்டுக்கு வெப்ட்ரீஸ் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். இது 2010இல் பிஎச்பிஜெட்வியூ என்ற பழைய திட்டத்திலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள். வாடகைக்கு எடுத்த இணைய இடத்தில் நாமே நிறுவிக்கொள்ள வேண்டியது. கணினியில் சற்றுப் பழக்கம் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். நிறுவும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ், ஃபேமிலிசர்ச் போன்ற சேவைகள் இருக்கின்றன. ஆனால் அனுமதிகள் உள்ளே எப்படி இயங்குகின்றன என்பதைத் திறந்து காட்டுவதற்கு வெப்ட்ரீஸ் வசதியானது; இங்கே புரிந்துகொள்வதைக் கொண்டு மற்ற சேவைகளின் அமைப்புப் பக்கங்களையும் எளிதில் படித்துவிடலாம்.

நமது குடும்பத்தின் மூத்தவர் முத்தையா, 1925 வாக்கில் பிறந்தவர். மனைவி வள்ளியம்மை. பிள்ளைகள் மூவர்: சுப்பையா 1950இல், மீனாட்சி 1954இல், கருப்பையா 1958இல் பிறந்தார்கள். சுப்பையாவின் மகனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். அவர் இளைய முத்தையா. அவர் தம் அத்தை மகளான, மீனாட்சியின் மகள் செல்வியை மணந்துகொண்டார். சுப்பையாவின் கடைசி மகள் கலா 1984இல் பிறந்தவர். பிள்ளையில்லாத கருப்பையா அவரைக் கைக்குழந்தையாகவே தத்தெடுத்து வளர்த்தார். கலாவுக்கு இது தெரியும்; கலாவின் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இந்தக் குடும்பத்தைச் செயலியில் ஏற்றத் தொடங்குபவருக்கு முதல் சிக்கல் இரண்டு முத்தையாக்கள். இளைய முத்தையாவுக்கும் செல்விக்கும் பிறந்த பிள்ளையின் முன்னோர் படத்தை வரைந்தால், பெரியவர் முத்தையா தந்தை வழியில் ஒரு முறையும் தாய் வழியில் ஒரு முறையுமாக இரண்டு கட்டங்களில் வருவார். அது சரியான படமே. இரண்டு கட்டங்களும் ஒரே பதிவைச் சுட்டுகின்றன. புதிதாக வருபவர்கள் இதைப் பிழை என்று நினைத்து, தாய் வழிக்கு இன்னொரு முத்தையாவைப் புதிதாகச் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு ஒருவரின் விவரங்களைப் பூட்டினாலும், அதே விவரங்கள் மற்றொரு பிரதியில் திறந்தே கிடக்கும். ஆகவே புதியவரைச் சேர்க்கும் முன் ஏற்கெனவே உள்ளவரைத் தேடி இணைப்பது நல்லது. அதே போல, பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இரு பதிவுகளை ஒன்றாக்கும்படி செயலி பரிந்துரைத்தால், பிறந்த ஆண்டைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இந்தப் பரிந்துரை பாதிக்குப் பாதி தவறாக வந்தாலும் வியப்பதற்கில்லை.

அடுத்தது தேதி. வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு ஆங்கிலத் தேதி தெரியாது. ஒருவர் தாம் பிறந்தது குரோதி வருஷம் மார்கழி என்பார், இன்னொருவர் தனுஷ்கோடியில் புயலடித்ததற்கு மறு வருஷம் என்பார். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரில் வந்தது என்பதால் இரண்டாமவருக்கு 1965 வாக்கில் என்று எழுதலாம். முதலாமவரின் குரோதி வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வருவது. 1964-65 ஆகவும் இருக்கலாம், அதற்கு முந்தைய 1904-05 ஆகவும் இருக்கலாம், உடன்பிறந்தவர்களின் வயதைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். செயலிகள் `ABT 1965` என்று தோராயத் தேதியையும், `BET 1964 AND 1966` என்று இரு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட தேதியையும் ஏற்கும். தெரியாத நாளுக்கு ஜனவரி 1 என்று போட்டு நிரப்புவதைவிட இது மேல். பெரியவர் சொன்ன வாசகத்தை அப்படியே குறிப்பில் எழுதி வைத்தால், பின்னால் வருபவர் அந்த ஆண்டு எப்படி வந்தது என்று சரிபார்க்க முடியும்.

தேதியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. யாருடைய விவரத்தை மறைப்பது, யாருடையதைக் காட்டுவது என்பதைச் செயலி முதலில் தீர்மானிப்பது, அவர் உயிரோடு இருக்கிறாரா என்ற ஒரு கேள்வியைக் கொண்டுதான். அந்தக் கேள்விக்கு அது விடை காண்பது தேதிகளிலிருந்து.

இறப்புப் பதிவு இருந்தால் அவர் இறந்தவர். இல்லையென்றால் வெப்ட்ரீஸ் அவருடைய பிறப்பு முதலிய நிகழ்வுகளின் தேதிகளைப் பார்க்கும். ஏதேனும் ஒன்று 120 ஆண்டுக்கு முந்தையதாக இருந்தால் இறந்தவர் என்று கொள்ளும். இந்த 120 என்ற எண்ணை நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம். ஃபேமிலிசர்ச் 110 ஆண்டு என்ற அளவை வைத்திருக்கிறது. சொந்தத் தேதியே இல்லாவிட்டால் பெற்றோர், துணைவர், பிள்ளைகளின் தேதிகளிலிருந்து ஊகிக்கும். அதிலும் ஒன்றும் தேறவில்லை என்றால் உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்ளும். மறைப்பதில் தவறுவதைவிடக் காட்டுவதில் தவறுவது தீங்கு என்பதால் இது நியாயமான விதி.

நமது குடும்பத்தில் வள்ளியம்மை இறந்து பல காலம் ஆகிவிட்டது. எந்த ஆண்டு என்று யாருக்கும் நினைவில்லை. அதனால் ஏற்றியவர் இறப்பு என்ற இடத்தையே காலியாக விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வள்ளியம்மைக்குப் பிறந்த தேதி இல்லை, மூத்த பிள்ளையோ 1950இல் பிறந்தவர். ஆகவே செயலியின் கணக்கில் வள்ளியம்மை உயிரோடு இருக்கிறார், செயலியில் பயனர் கணக்கு இல்லாத பார்வையாளருக்கு அவர் கட்டம் மூடியே தெரியும். தேதி தெரியாவிட்டாலும் இறந்துவிட்டார் என்று மட்டும் பதிய ஒரு வழி உண்டு. இறப்பு நிகழ்வைச் சேர்த்து, தேதியைக் காலியாக விட்டு, நிகழ்ந்தது உறுதி என்ற பெட்டியைத் தேர்ந்தால் போதும். பதிவேட்டில் அது இப்படி நிற்கும், கடைசி வரிதான் இறப்பு:

```
0 @I2@ INDI
1 NAME வள்ளியம்மை
1 SEX F
1 DEAT Y
```

எதிர்த் திசையில் நடக்கும் பிழைதான் அஞ்சத் தக்கது. கலாவின் பிறந்த ஆண்டை 1984 என்பதற்குப் பதிலாக 1884 என்று ஒருவர் தட்டிவிட்டால், 120 ஆண்டு தாண்டியவர் என்ற கணக்கில் கலா இறந்தவராகி, அவருடைய பிறந்த ஊர், திருமணம், பிள்ளைகளோடு உள்ள உறவு எல்லாம் ஊர் அறியத் திறந்துவிடும். செயலி எச்சரிக்கை எதுவும் தராமலும் போகலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, எல்லோரையும் பிறந்த ஆண்டு வரிசையில் பட்டியலிட்டுப் பார்ப்பது. தாத்தாவுக்கு மேலே பேத்தி நின்றால் பிழை கண்ணில் பட்டுவிடும். ஃபேமிலிசர்ச் போன்ற பொது மரத்தில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அங்கே உலகம் முழுவதற்கும் ஒரே மரம். உயிரோடு இருப்பவர் நீங்கள் மட்டும் காணும் தனி இடத்தில் இருப்பார், இறந்தவர் என்று குறித்தவுடன் அந்தப் பதிவு எல்லோருக்கும் பொதுவாகி, பிறர் திருத்தவும் கூடியதாகிவிடும்.

உயிரோடு இருப்பவர் பார்வையாளருக்குத் தெரியமாட்டார் என்பது முதல் கதவு மட்டுமே. சொந்தக்காரர்களுக்குக் கணக்குக் கொடுத்தபின் அவர்கள் இந்தக் கதவைத் தாண்டிவிடுகிறார்கள். உறவினர்களுக்குள்ளேயே யாருக்கு எது தெரியலாம் என்பதற்கு இரண்டு கருவிகள் வேண்டும்: ஒவ்வொரு பயனருக்கும் ஒரு நிலை, ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பூட்டு.

வெப்ட்ரீஸில் கணக்கில்லாதவர் பார்வையாளர். கணக்குள்ள உறவினர் உறுப்பினர். அதற்கு மேல் திருத்துபவர், திருத்தங்களை ஏற்பவர், நிர்வாகி என்று நிலைகள் ஏறும். ஒரு விவரத்தைத் திறந்தால் அதற்கான பூட்டில் `Show to visitors`, `Show to members`, `Show to managers` என்ற தேர்வுகள் இருக்கும். முகவரியை உறுப்பினர்களுக்கு மட்டும் என்றும், ஒருவருடைய நோய் பற்றிய குறிப்பை நிர்வாகிக்கு மட்டும் என்றும் வைக்கலாம். கிராம்ப்ஸ் என்ற மற்றொரு இலவச மென்பொருளில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே ஒரு பூட்டுச் சின்னம் உண்டு. அதன் இணையப் பதிப்பில் விருந்தினர் பூட்டியவற்றைப் பார்க்க மாட்டார், உறுப்பினர் எல்லாவற்றையும் பார்ப்பார். அதாவது அங்கே இரண்டே படிகள். உறவினர்களுக்குள்ளேயே மறைக்க வேண்டியது இருக்கும் குடும்பத்துக்கு இரண்டு படி போதாது.

எதையெல்லாம் பூட்டுவது என்பதில் என் கருத்து இது: உயிரோடு இருப்பவரின் பிறந்த நாள், மாதம், தாயின் பெயர் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் அயலாருக்குக் கிடைக்கக் கூடாது. வங்கிகளும் தொலைபேசி வழிச் சேவைகளும் அடையாளம் சரிபார்க்கக் கேட்பவை பெரும்பாலும் இவைதான். ஆண்டு மட்டும் தெரிந்தாலே மரம் வரைய முடியும், நாளும் மாதமும் உறவினர்களுக்கு வாழ்த்துச் சொல்லத் தவிர வேறு எதற்கும் தேவைப்படுவதில்லை. நோய், மணமுறிவு, தத்து ஆகியவற்றை அந்தந்த மனிதரைக் கேட்காமல் ஏற்றவே கூடாது. பூட்டு இருக்கிறதே என்ற நம்பிக்கையில் ஏற்றுவது தனித் தவறு.

ஏன் என்பதற்குக் கலாவின் கதையைப் பார்க்கலாம். மரத்தை ஏற்றியவர் முறையாக, கலாவைச் சுப்பையா குடும்பத்தில் பெற்ற பிள்ளை என்றும், கருப்பையா குடும்பத்தில் தத்துப் பிள்ளை என்றும் இரு குடும்பங்களோடு இணைத்தார். பிறகு தத்து நிகழ்வைத் திறந்து நிர்வாகிக்கு மட்டும் என்று பூட்டினார். கலாவின் மகள் உறுப்பினராக உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தைத் திறந்தால், தத்து என்ற வரி இல்லைதான். ஆனால் அம்மா இரண்டு பெற்றோருக்குக் கீழே நிற்கிறார். பூட்டப்பட்டது நிகழ்வு, உறவு என்ற இணைப்பு அப்படியே இருக்கிறது.

அந்த இணைப்பை மறைக்கச் சுப்பையா குடும்பப் பதிவையே பூட்டினால் வேறு விளைவு. சுப்பையாவுக்கும் இளைய முத்தையாவுக்கும் இடையிலான கோடும் மறைந்து, பேரன் மரத்தில் தனியாகத் தொங்குவார். ஏன் இந்த ஒரு குடும்பம் மட்டும் மூடியிருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். கலாவின் பதிவை மட்டும் மூடினாலும் முழுப் பயன் இல்லை. மூடிய பதிவுகளின் உறவுக் கோடுகளை அப்படியே காட்டும் ஒரு தேர்வு வெப்ட்ரீஸில் உண்டு. அது இயங்கும்போது பெயர் தெரியாத வெற்றுக் கட்டம் ஒன்று சுப்பையாவின் பிள்ளைகள் வரிசையில் நிற்கும். இளைய முத்தையாவுக்குப் பின் ஒரு வெற்றுக் கட்டம், அம்மா நிற்க வேண்டிய கருப்பையாவுக்குக் கீழும் ஒரு வெற்றுக் கட்டம். கணக்குப் போடத் தெரிந்த பேத்திக்கு இவ்வளவு போதும்.

ஆகவே மறைக்க வேண்டியது உறவாகவே இருக்கும்போது, அந்த இணைப்பை ஏற்றாமல் விடுவதுதான் ஒரே பாதுகாப்பு. கலாவைக் கருப்பையாவின் மகளாக மட்டும் பதிய வேண்டும். சட்டப்படியும் அவர் அந்த வீட்டு மகள்தான். பெற்றவர் யார் என்பதைப் பிற்காலத்துக்கு எழுதி வைக்கக் கலா விரும்பினால், செயலிக்கு வெளியே அவர் கையில் இருக்கும் காகிதமே அதற்குச் சரியான இடம். இதில் ஆராய்ச்சி மனம் கொண்டவர்களுக்கு மனத்தாங்கல் இருக்கும், மரத்தில் ஓர் உண்மை விடுபடுகிறதே என்று. ஆனால் அந்த உண்மைக்கு உரியவர் கலா.

விவரத்தைப் பூட்டியும் அதைக் காட்டிக்கொடுப்பவை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, இணைத்த படங்கள். பிறந்த தேதிக்கு ஆதாரமாக ரேஷன் அட்டையை ஸ்கேன் செய்து ஏற்றினால், அதில் வீட்டார் எல்லோருடைய பெயரும் வயதும் முகவரியும் இருக்கின்றன. தேதியைப் பூட்டினால் படமும் பூட்டப்படும் என்று எண்ணக் கூடாது. கிராம்ப்ஸில் படம் ஒரு தனிப் பதிவு, அதற்குத் தனிப் பூட்டு. பழைய அட்டையின் படத்தை ஏற்றுவதற்குப் பதில், எந்த ஆண்டு அட்டை, யாரிடம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதினாலே ஆதாரம் சொன்னதாகிவிடும்.

மற்றொன்று, மரத்தைக் கோப்பாக வெளியே எடுப்பது. ஏறத்தாழ எல்லாச் செயலிகளும் ஜெட்காம் என்ற பொது வடிவத்தில் மரத்தை வெளியே தரும். 1984இல், மோர்மன் சபை என்று பரவலாக அறியப்படும் பிந்நாள் புனிதர்களின் திருச்சபை வெளியிட்ட வடிவம் இது. அண்மைய பதிப்பான 7.0 வந்தது 2021இல். ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற இது இன்றியமையாதது. ஆனால் இது வெறும் எழுத்துக் கோப்பு. பூட்டிய விவரம் அதில் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

```
0 @I7@ INDI
1 NAME கலா
1 BIRT
2 DATE 14 JUN 1984
2 RESN confidential
```

கடைசி வரிதான் பூட்டு. அதற்கு மேல் வரியில் தேதி அப்படியே இருக்கிறது. `RESN` என்பது, இதைக் காட்டாதே என்று அடுத்த செயலிக்கு விடுக்கும் வேண்டுகோள். அந்தச் செயலி மதித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கோப்பைக் குறிப்பேடு மென்பொருளில் திறப்பவருக்கு எந்தத் தடையும் இல்லை. ஆகவே உறவினருக்குக் கோப்பு அனுப்பும்போது, வெளியே எடுக்கும் பக்கத்தில் எந்த நிலையில் உள்ளவருக்காக என்ற தேர்வைப் பார்வையாளர் என்று வைத்தே எடுக்க வேண்டும். அப்போது மறைக்க வேண்டியவை கோப்பில் எழுதப்படுவதே இல்லை. கிராம்ப்ஸிலும் வெளியே எடுக்கும்போது, பூட்டியவற்றை விட்டுவிடவும், உயிரோடு இருப்பவர்களின் பெயரையோ விவரங்களையோ நீக்கவும் தேர்வுகள் உண்டு. எடுத்த கோப்பை அனுப்பும் முன் திறந்து, உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரைத் தேடிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் உறுதியாகிவிடும்.

அமைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்பதை நிர்வாகியின் கணக்கில் இருந்துகொண்டு அறிய முடியாது. நிர்வாகிக்கு எல்லாமே தெரியும். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் கணக்கில்லாமல் ஒரு முறையும், உறுப்பினர் நிலையில் சோதனைக் கணக்கு ஒன்றைத் தொடங்கி ஒரு முறையும் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவர்கள் மூன்று பேர்: இறப்புத் தேதி இல்லாத ஒரு முதியவர், உயிரோடு இருக்கும் ஒரு குழந்தை, பூட்டிய விவரம் உள்ள ஒருவர். உறவினர்களை அழைப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

அழைப்பிலும் ஒரு கவனம். குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரே கடவுச்சொல்லைப் போட்டு எல்லோரையும் நுழைய விடுவது பல வீடுகளில் நடக்கிறது. பிறகு யார் எதைத் திருத்தினார்கள் என்று தெரியாது, ஒருவரை மட்டும் நீக்கவும் முடியாது. ஆளுக்கொரு கணக்கும், வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லும் வேண்டும். 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் 2023இல் நடந்தது இதற்குச் சான்று. வேறு தளங்களிலிருந்து கசிந்த பழைய கடவுச்சொற்களைக் கொண்டு சுமார் 14,000 கணக்குகளைத் திறந்தவர்கள், உறவினர்களோடு பகிரும் வசதியின் வழியே ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்களை எடுத்துவிட்டார்கள். குடும்ப மரத்தில் ஒருவருடைய கடவுச்சொல் எளிதாக இருந்தால், கசிவது அவருடைய விவரம் மட்டும் அல்ல. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டு நோக்கத்துக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. வீட்டு மரத்தை நடத்துபவர் தாமே விதி வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த விதிகளில் ஒன்று, ஒருவர் தம்மை நீக்கும்படி கேட்டால் என்ன செய்வது என்பதாக இருக்கட்டும். பதிவை முழுவதும் அழித்தால் அவருக்குக் கீழே உள்ள பிள்ளைகள் மரத்திலிருந்து துண்டிக்கப்படுவார்கள். பெயரை நீக்கி, தேதி, ஊர், படம், குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெற்றுப் பதிவை மட்டும் இணைப்புக்காக விட்டு வைப்பது நடைமுறையில் ஒத்து வரும். அதோடு வேலை முடிவதில்லை. வெப்ட்ரீஸ் ஒவ்வொரு திருத்தத்தின் பழைய வடிவத்தையும் மாற்றப் பதிவில் வைத்திருக்கும். இணைய இடத்தின் காப்புப் பிரதிகளிலும் பழைய மரம் இருக்கும். இரண்டையும் நிர்வாகி தனியாகச் சென்று நீக்க வேண்டும். முன்பே யாருக்கேனும் கோப்பு அனுப்பியிருந்தால் அவரைத் தொலைபேசியில் அழைத்து, பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதைப் பெற்றுக்கொள்ளச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் கோப்பு எடுக்கும் உரிமையை நிர்வாகியிடம் மட்டும் வைத்து, யாருக்கு எந்தத் தேதியில் எந்த நிலையில் அனுப்பினோம் என்று ஒரு பட்டியல் எழுதி வருவது வழக்கமாக இருக்க வேண்டும்.